கண்புரையைப் படத்தில் காண்பதும் தரம் பிரிப்பதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவர் தம் தாயாரின் கண்ணைக் கைபேசியில் மிக நெருக்கமாகப் படம் எடுத்து, "கண்மணி வெளுப்பாகத் தெரிகிறதே, புரை எத்தனை சதவீதம் இருக்கும்?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்திலிருந்து புரை இருக்கலாம் என்று சொல்ல முடியும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. படத்தின் தெளிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. புரை கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் எந்த அடுக்கில் உண்டாகிறதோ அதற்கேற்ப அதைக் காட்டும் ஒளியும் மாறுகிறது. ஓர் அடுக்கைப் பக்கவாட்டு ஒளியில்தான் காண முடியும். மற்ற இரண்டையும் கண்ணுக்குப் பின்புறமிருந்து திரும்பி வரும் ஒளியில்தான் அளக்க முடியும். ஆகவே கண்புரையைத் தரம் பிரிப்பது என்பது சரியான ஒளியில் குறைந்தது மூன்று படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்கென வகுக்கப்பட்ட மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு எண் கொடுப்பதாகும். அந்த வேலையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லையின் மூன்று இடங்கள்

கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸுக்குப் பின்னால், கண்மணியின் துளைக்கு நேராக, பயறு வடிவில் வில்லை தொங்குகிறது. பெரியவர்களுக்கு அதன் குறுக்களவு 9 முதல் 10 மில்லிமீட்டர் வரையும் தடிமன் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரையும் இருக்கும். நடுவில் இருப்பது உட்கரு. அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக அமைந்திருப்பது புறணி. இவை எல்லாவற்றையும் மூடியிருப்பது கண்ணாடிபோன்ற மெல்லிய உறை. வில்லையின் வெளியடுக்கில் புதிய இழைகள் சேர்ந்துகொண்டே இருப்பதாலும் பழையவை வெளியேற வழியில்லாததாலும், உட்கருவில் இருக்கும் புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை; ஆயுள் முழுவதும் மாற்றப்படாமல் அங்கேயே இருப்பவை.

வயது ஆக ஆக அந்தப் பழைய புரதங்கள் ஆக்சிஜன் ஏற்றத்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. திரண்டவை ஒளியைச் சிதறடிக்கின்றன. கூடவே மஞ்சளும் பழுப்புமான நிறமிகளும் சேர்கின்றன. இது உட்கருப் புரை. புறணியில் நடப்பது வேறு. அங்கே நீர் புகுந்து இழைகளிடையே பிளவுகள் உண்டாகி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெண்கோடுகள் நீள்கின்றன. மூன்றாவது இடம் பின்னுறையை ஒட்டியது. ஓரத்தில் இருக்கவேண்டிய உயிரணுக்கள் பின்பக்கம் நகர்ந்து வீங்கிக் கிடப்பதால், வில்லையின் பின்முனையில் மணல் தூவினாற்போன்ற ஒரு தட்டு உண்டாகிறது. ஸ்டீராய்டு மருந்தை நீண்டகாலம் எடுத்தவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் கதிர்வீச்சு பட்ட கண்களிலும் இந்தப் பின்னுறைப் புரை அதிகம். ஒரே கண்ணில் மூன்றும் சேர்ந்திருப்பது அரிதன்று. அதனால்தான் "புரை இரண்டாம் தரம்" என்று ஒற்றை எண்ணில் சொல்வதில் பொருளில்லை.

கைபேசிப் படம் எதுவரை உதவும்

கைபேசியின் ஃப்ளாஷ், கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கார்னியாவின் நடுவில் ஒரு வெண்புள்ளியாகப் பிரதிபலித்து, நாம் பார்க்க வேண்டிய கண்மணியையே மறைத்துவிடும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, சிறு டார்ச் ஒன்றைக் கண்ணின் பக்கவாட்டில் சாய்வாகப் பிடித்து எடுத்தால் படம் பயன்படும். அந்தப் படத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, வெளுப்பு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது. "கண்ணில் பூ விழுந்திருக்கிறது" என்று நம் ஊர்களில் சொல்வது பெரும்பாலும் கார்னியாவின் தழும்பு. அது ஐரிஸுக்கு முன்னால் இருப்பதால் ஐரிஸின் நிறத்தையும் இழைகளையும் சேர்த்தே மறைக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து, பெரும்பாலும் மூக்கின் பக்கமாக, முக்கோணமாக ஏறி வரும் சதை வளர்ச்சியும் அவ்வாறே மேற்பரப்பில் இருப்பது. புரையோ கண்மணி வட்டத்துக்குள் மட்டும், ஐரிஸின் விளிம்புக்குப் பின்னால் தெரியும்.

அடுத்தது, பழைய மருத்துவர்கள் டார்ச் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்த நிழல். பக்கத்திலிருந்து ஒளி விழும்போது வெளிச்சம் வரும் பக்கத்து ஐரிஸ் விளிம்பின் நிழல், அதற்குப் பின்னாலுள்ள மங்கலின் மேல் பிறைபோல விழுந்தால், விளிம்புக்கும் மங்கலுக்கும் நடுவே தெளிந்த புறணி இன்னும் மீதமிருக்கிறது என்று பொருள், புரை முற்றவில்லை. நிழலே இல்லாமல் கண்மணி முழுவதும் பால்போல வெளுத்திருந்தால் மங்கல் முன்னுறை வரை வந்துவிட்டது. இந்த ஒரு தகவலை மட்டும் வீட்டுப் படத்திலிருந்து ஓரளவு நம்பலாம்.

மற்றவற்றில் கவனம் தேவை. அறுபது வயதைக் கடந்த எவருடைய கண்மணியும் சாய்வு ஒளியில் சற்றே சாம்பல் கலந்து தெரியும். பார்வை முழுமையாக இருப்பவருக்கும் அப்படித்தான். கண்மணிக்குள் கண்ணாடித் துண்டுபோல ஒரு மினுக்கம் தெரிந்தால், அது ஏற்கெனவே அறுவை செய்து வைத்த செயற்கை வில்லையாக இருக்கலாம். குழந்தையின் படத்தில் கண்மணி வெண்மையாகத் தெரிந்தால் அதைப் புரை என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. விழித்திரையில் எழும் புற்றுக்கட்டியும் அப்படியே தோன்றும் என்பதால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தரம் பிரிப்பதற்கு முன்: கண்மணியை விரித்தல்

கண் மருத்துவமனைகளில் "பாப்பா விரிவதற்குச் சொட்டு விடுகிறோம்" என்று சொல்வார்களே, அந்தப் படிதான் தரம் பிரித்தலின் தொடக்கம். சுருங்கிய கண்மணியின் வழியே வில்லையின் நடுப்பகுதி மட்டுமே தெரியும். புறணிப் புரை ஓரத்தில் தொடங்குவதால் விரிக்காத கண்ணில் அது இல்லாததுபோலவே இருக்கும். பொதுவாக டிராபிகமைடு சொட்டு மட்டுமோ, ஃபினைல்எஃப்ரினுடன் சேர்த்தோ விடப்படுகிறது. அரை மணி நேரத்தில் கண்மணி 6 அல்லது 7 மில்லிமீட்டர் வரை விரிய வேண்டும்.

சொட்டு விடுவதற்கு முன் இரண்டு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். பார்வையளவை அப்போதே எழுதிவிட வேண்டும்; விரிந்த கண்ணின் பார்வை வேறாகும். ஐரிஸுக்கும் கார்னியாவுக்கும் இடைப்பட்ட அறை எவ்வளவு ஆழம் என்றும் பார்க்க வேண்டும். அந்த இடைவெளி மிகக் குறுகியிருப்பவருக்கு விரிக்கும் சொட்டு கண் அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடலாம். சிலருக்கு எத்தனை சொட்டு விட்டாலும் 4 மில்லிமீட்டருக்கு மேல் விரியாது. நீண்டகாலச் சர்க்கரை நோய், ஐரிஸின் விளிம்பில் வெண்பொடி படியும் நிலை, சிறுநீர்த் தடைக்காக எடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை ஆகியவை அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட கண்ணில் புறணிக்கு எண் கொடுக்காமல் "அளக்க இயலவில்லை" என்று எழுதுவதே நேர்மையானது. பூஜ்யம் என்று எழுதிவிடுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

முதல் படம்: ஒளிக்கீற்றில் உட்கரு

ஸ்லிட் லாம்ப் என்பது ஒரு நுண்ணோக்கியும், அதனோடு சுழலும் ஒளிக்கீற்று விளக்கும் சேர்ந்த கருவி. உட்கருவைப் படம் எடுக்க, நுண்ணோக்கி கண்ணுக்கு நேராக நிற்க, கீற்று ஏறத்தாழ 45 பாகை சாய்விலிருந்து விழ வேண்டும். கீற்றை மயிரிழைபோலக் குறுக்கி, உயரத்தைக் கண்மணி அளவுக்கு வைக்க வேண்டும். நோயாளி நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க, குவியம் உட்கருவின் நடுவில் அமையும்போது, இளநீர் வழுக்கையைக் கத்தியால் மெல்லச் சீவி எடுத்ததுபோல வில்லையின் ஒரு குறுக்குவெட்டு ஒளிரும். கார்னியா, இருளான அறை, முன்னுறை, புறணி, உட்கரு, பின்னுறை என்று அத்தனையும் அந்த ஒரு கீற்றில் வரிசையாகத் தெரியும்.

இந்தப் படத்தின் பயன் முழுக்கவும், அது எல்லா நோயாளிக்கும் ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டதா என்பதைச் சார்ந்தது. கீற்றைச் சற்று அகலமாக வைத்தால், ஒளியைச் சற்றுக் கூட்டினால், கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்ய விட்டால், அதே உட்கரு ஒரு தரம் கூடுதலாக வெளுத்துத் தெரியும். நிறத்துக்கும் இதே விதிதான். கேமராவின் தானியங்கி நிறச் சமநிலை மஞ்சளைக் கண்டவுடன் அதைக் "குறை" என்று எண்ணி நீலத்தைச் சேர்த்துவிடும். பழுத்த உட்கரு இளம் உட்கருவாக மாறிவிடும். ஆகவே சமநிலையைக் கையால் நிலைநிறுத்தி, ஒளியின் அளவையும் ஒரே இடத்தில் பூட்டிவைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

உட்கருவுக்கு இரண்டு எண்கள்

உலகெங்கும் ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது லாக்ஸ் மூன்றாம் பதிப்பு. வில்லை மங்கலின் வகைப்பாட்டு முறை என்பதன் சுருக்கப்பெயர் அது, 1993இல் வெளியானது. அதன் அட்டையில் மாதிரிப் படங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். உட்கருவுக்கு ஒளிக்கீற்றுப் படங்கள் ஆறு. புறணிக்கு ஐந்து, பின்னுறைக்கு ஐந்து. இவை பத்தும் பின்னொளியில் எடுத்தவை. நம் கண் படத்தை இந்த வரிசையில் எங்கே செருகலாம் என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

உட்கருவின் ஆறு படங்களையே இரண்டு கேள்விகளுக்குப் பயன்படுத்துகிறோம். முதல் கேள்வி, உட்கரு எவ்வளவு பால்வெளுப்பாக ஒளிர்கிறது என்பது, இதை என்.ஓ. என்று குறிப்பார்கள். ஒரு புள்ளியை உற்றுப் பார்க்காமல், உட்கரு முழுவதின் சராசரி வெளுப்பைக் கொள்ள வேண்டும். இரண்டாவது, நிறம், என்.சி. என்று குறிப்பது. நிறத்தைப் பார்க்க உட்கருவின் முன்பக்கத்தைவிட, ஒளி உட்கருவைக் கடந்து பின்புறணியில் பட்டுத் திரும்பும் இடமே நல்லது. ஏனெனில் அந்த ஒளி நிறமியின் முழுத் தடிமனையும் ஊடுருவி வந்தது. நிறமும் வெளுப்பும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும். ஆனால் வெளுப்பு நடுத்தரமாக இருக்க நிறம் கருப்பட்டிபோலக் கறுத்த கண்களும் உண்டு. அறுவை செய்பவருக்கு அந்த இரண்டாம் வகையே தொல்லை கொடுக்கும்.

எண் தருவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். முதலில் நம் படத்தைவிடத் தெளிவான மாதிரி எது, மோசமான மாதிரி எது என்று இரண்டு பக்கத்து வேலிகளையும் கண்டுகொள்ள வேண்டும். இரண்டாம் படத்தைவிட வெளுப்பு, மூன்றாம் படத்தைவிடத் தெளிவு என்று முடிவானால், விடை 2.1 முதல் 2.9 வரைக்குள் எங்கோ இருக்கிறது. சரிபாதி என்று தோன்றினால் 2.5. பிறகு அதை ஒரு பக்கமாக நகர்த்த வேண்டுமா என்று மட்டும் யோசித்தால் போதும். உட்கருவின் அளவுகோல் 0.1இல் தொடங்கி 6.9இல் முடிகிறது, புறணியும் பின்னுறையும் 0.1 முதல் 5.9 வரை. முழு எண்களில் சொல்லிவிட்டால் எளிதாயிற்றே என்று தோன்றும். அப்படித்தான் 1989இன் இரண்டாம் பதிப்பில் இருந்தது; ஆண்டுதோறும் மெல்ல நகரும் புரை, அந்தப் பெரிய படிகளுக்கிடையே காணாமல் போனது. தசமம் வந்தது அதற்காகத்தான்.

இரண்டாம் ஒளி: கண்ணுக்குள்ளிருந்து வரும் சிவப்பு

இருட்டில் எடுத்த புகைப்படங்களில் கண்கள் சிவப்பாகத் தெரிவது எல்லோரும் அறிந்தது. விழித்திரைக்குப் பின்னாலுள்ள குருதி நாளங்களில் பட்டுத் திரும்பும் ஒளி அது. வில்லைக்கு நேர்பின்னால் இருப்பதால், அது ஓர் ஒளிரும் திரைபோல் அமைகிறது. வில்லையில் எது ஒளியைத் தடுக்கிறதோ அது கருநிழலாக அந்தத் திரையின் முன் நிற்கும். ஸ்லிட் லாம்பில் கீற்றை நுண்ணோக்கியின் அச்சுக்கே கொண்டுவந்து, கண்மணியின் விளிம்பையொட்டிய சிறு ஒளியாகச் செலுத்தினால் இந்தப் படம் கிடைக்கும். இதற்கெனவே தனிக் கேமராக்களும் உண்டு. கைபேசியிலும், இருண்ட அறையில் கை நீள தூரத்திலிருந்து ஃப்ளாஷுடன் எடுத்தால், சிவப்பு வட்டத்தில் ஆரக்கால்கள் கறுப்பாகத் தெரிவதைச் சில நேரம் காணலாம். அளக்க அது போதாது.

இங்கே ஒரு படமன்று, இரண்டு படங்கள் வேண்டும். குவியத்தைக் கண்மணி விளிம்பின் தளத்தில் வைத்து எடுப்பது ஒன்று. முன்புறணியின் ஆரக்கால்கள் அதில் கூர்மையாக இருக்கும். குவியத்தை வில்லையின் பின்முனைக்கு நகர்த்தி எடுப்பது மற்றொன்று. பின்னுறைத் தட்டு அதில் கூர்மை பெறும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு கறுப்புத் திட்டு எந்த ஆழத்தைச் சேர்ந்தது என்று தெரியவரும். முன்படத்தில் மங்கி, பின்படத்தில் கூர்மையானால் அது பின்னுறையுடையது. இரண்டிலும் கூர்மை மாறாத ஆரக்கால் முன்னும் பின்னுமாகப் புறணியைச் சுற்றிச் செல்வது.

கணக்கில் சேரக்கூடாதவை சில உண்டு. விளக்கின் பிரதிபலிப்பாக நடுவில் அல்லது ஓரத்தில் விழும் வெண்பொட்டு வில்லையின் பகுதியன்று. தனித்தனி நீர்க்கொப்புளங்களையும், பிறவியிலேயே பின்னுறையில் ஒட்டியிருக்கும் ஒற்றைப் புள்ளியையும் விட்டுவிட வேண்டும். இவற்றை நீக்கியபின், சிதறிக் கிடக்கும் புறணி நிழல்களையெல்லாம் மனத்தால் ஓரிடத்தில் சேர்த்து, கண்மணி வட்டத்தில் எவ்வளவு பரப்பு மறைந்தது என்று எண்ணிப்பார்த்து, மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். பின்னுறைக்கும் அவ்வாறே, ஆனால் அது பெரும்பாலும் ஒரே திட்டாக இருப்பதால் ஒப்பிடுவது எளிது.

ஒரு கண்ணை எடுத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு நோயாளியைக் கற்பித்துக்கொள்வோம். வயது 63, தையல் தொழில். வலக்கண் பார்வை மங்கிய அறையில் 6/9, அதாவது நல்ல பார்வையுள்ளவர் 9 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரிலிருந்துதான் படிக்கிறார். ஆனால் அவர் சொல்லும் குறை வேறு: காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது, மாலை மங்கிய பிறகு பார்வை தெளிவாகிறது. மூட்டுவலிக்காக ஸ்டீராய்டு மாத்திரை சில ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறார். பேத்தி கைபேசியில் எடுத்த படத்தில் கண்மணி லேசான சாம்பல். பிறை நிழல் தெரிகிறது. புரை முற்றவில்லை என்பதற்கு மேல் அந்தப் படம் எதையும் சொல்லவில்லை.

சொட்டு விட்டுக் கண்மணி 7 மில்லிமீட்டர் விரிந்தது. ஒளிக்கீற்றுப் படத்தில் உட்கரு இரண்டாம் மாதிரியைவிட வெளுப்பு, மூன்றாவதைவிடத் தெளிவு, மூன்றாவதை நெருங்கியது. என்.ஓ. 2.7 என்று எழுதுகிறோம். நிறம் அவற்றின் நடுவில், ஆக என்.சி. 2.5. சிவப்பொளியில் முன்குவியப் படத்தில் இரண்டு ஆரக்கால்கள். கடிகார முகமாக எண்ணினால், ஒன்று 4 மணியிலிருந்து 5.30 வரை பரவியது. வலக்கண்ணை எதிரிலிருந்து பார்ப்பவருக்கு இது மூக்குப் பக்கத்துக் கீழ்ப்பகுதி, புறணிப் புரை முதலில் தோன்ற விரும்பும் இடம். மற்றொன்று 7 மணியில் அரை மணி அளவு. இரண்டும் நடுவைத் தொடவில்லை. மாதிரிகளோடு வைத்துப் பார்த்து, புறணிக்கு 1.6. பின்குவியப் படத்தில், நட்டநடுவே 1.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மணல்மணலான திட்டு, பின்னுறைக்கு 1.8.

நான்கு எண்களையும் வரிசையாகப் பார்த்தால், உட்கருவே மோசம் என்று தோன்றும். அதன் எண்தான் பெரியது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஓர் அடுக்கின் 2.7ஐ இன்னோர் அடுக்கின் 1.8ஓடு ஒப்பிட முடியாது. அவை வெவ்வேறு அளவுகோல்கள். இவருடைய தொல்லைக்குக் காரணம் சிறிய எண் பெற்ற அந்தப் பின்னுறைத் திட்டே. 7 மில்லிமீட்டர் கண்மணியின் பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர மில்லிமீட்டர். 1.5 மில்லிமீட்டர் திட்டின் பரப்பு 1.8 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரித்த கண்ணில் அது மறைப்பது 5 சதவீதம்கூட இல்லை. ஆனால் அவர் விரித்த கண்ணோடு ஜன்னலோரம் உட்காருவதில்லை. காலை வெயிலில் கண்மணி 2.5 மில்லிமீட்டராகச் சுருங்கினால் அதன் பரப்பு 4.9 சதுர மில்லிமீட்டர். அதே திட்டு அப்போது 36 சதவீதத்தை மறைக்கிறது. மாலையில் 5 மில்லிமீட்டராக விரியும்போது மறைப்பது 9 சதவீதம். ஒளி வில்லைக்குள் வளைவதைக் கணக்கில் கொள்ளாத தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் காலையில் நூல் கோக்க முடியாததும் மாலையில் தெளிவதும் ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும். கிட்டத்தில் பார்க்கும்போதும் கண்மணி சுருங்கும் என்பதால் ஊசி வேலை அவருக்கு இரட்டைத் தண்டனை. கீழ்ப்பகுதியின் ஆரக்கால்களோ சுருங்கிய கண்மணிக்கு வெளியே ஒளிந்துகொண்டு, எந்தத் தொந்தரவும் செய்யாமல் கிடக்கின்றன.

இதே கண்ணை உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 2002இல் வெளியான எளிய முறையில் அளந்து பார்ப்பது பயனுள்ளது; முகாம்களுக்கும் களஆய்வுகளுக்கும் ஏற்றதாக, தசமமின்றி மூன்றே தரங்களில் அமைந்தது அது. புறணிக்கு அங்கே பரப்பு கணக்கில்லை; வில்லையின் சுற்றளவில் எத்தனை பங்கு பாதிக்கப்பட்டது என்பதே கணக்கு. எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குள் முதல் தரம், கால் முதல் அரைக்குள் இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். நம் நோயாளிக்கு ஒன்றரை மணியும் அரை மணியும் சேர்ந்து, பன்னிரண்டில் இரண்டு மணி. அதாவது ஆறில் ஒரு பங்கு. முதல் தரம். பின்னுறைத் திட்டின் செங்குத்து உயரம் 1 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் முதல் தரம், 3 மில்லிமீட்டருக்குள் இரண்டு, அதற்கு மேல் மூன்று, இங்கே 1.5 என்பதால் முதல் தரம். புறணிப் புரை நடுவிலுள்ள 3 மில்லிமீட்டர் வட்டத்தைத் தொடுகிறதா என்று தனியாகக் குறிக்கச் சொல்வது இம்முறையின் சிறப்பு. பார்வையைப் பாதிப்பது பரப்பைவிட இடமே என்பதை அந்த ஒரு குறிப்பு பிடித்துவிடுகிறது.

எண் எங்கே ஏமாற்றும்

உட்கரு மிகக் கறுத்துவிட்ட கண்ணில் சிவப்பொளியே மங்கிவிடும். திரை இருண்டால் நிழல் எப்படித் தெரியும்? அப்போது பின்னுறைப் படத்தில் எதுவும் காணாததால் பின்னுறை தெளிவு என்று எழுதுவது தவறு. கண்ணுக்குள் குருதி கசிந்திருந்தாலும் சிவப்பு இருளும். அதைப் புரையின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. புறணி முழுதும் பால்போல வெளுத்த கண்ணில் ஒளிக்கீற்று உட்கருவை எட்டவே எட்டாது என்பதால் என்.ஓ., என்.சி. இரண்டுக்கும் எண் கிடையாது. கார்னியாவில் "பூ" இருந்தால் அதன் வழியே எடுத்த உட்கருப் படம் எப்போதும் கூடுதலாக வெளுத்தே வரும்.

படம் எடுப்பவரைப் போலவே படம் பார்ப்பவரும் ஓர் அளவுகருவிதான், அவரும் பிசகுவார். ஒரே நாளில் முற்றிய புரைகளையே நாற்பது பார்த்தவருக்கு, நாற்பத்தோராவதாக வரும் நடுத்தரப் புரை தெளிவாகத் தோன்றும். இதற்காகவே ஒவ்வொரு படத்துக்கும் மாதிரி அட்டையைக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அனுபவசாலிகளே இந்த விதியை அதிகம் மீறுகிறார்கள். ஆய்வுகளில் இருவர் தனித்தனியே, நோயாளியின் வயதும் பார்வையும் தெரியாமல் எண் தருவார்கள். சென்ற ஆண்டு 2.7, இந்த ஆண்டு 2.9 என்று இருந்தால் புரை வளர்ந்துவிட்டது என்று சொல்வது அவசரம். அவ்வளவு வேறுபாடு ஒரே படத்தை ஒருவரே இரண்டு முறை பார்த்தாலும் வரும். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, இரண்டு எண்களைக் கழித்துப் பார்ப்பதைவிட நம்பத்தக்கது.

அறுவை மேசையில் இந்த எண்கள்

உட்கருவின் எண் ஏற ஏற அதன் கடினமும் ஏறுகிறது. அல்ட்ராசவுண்டு அதிர்வால் உட்கருவைக் கரைத்து உறிஞ்சும் பேக்கோ முறையில், கறுத்த உட்கருவுக்குக் கூடுதல் அதிர்வு தேவை. அந்த அதிர்வு கார்னியாவின் உட்புற உயிரணுக்களைச் சேதப்படுத்தும். என்.சி. மிக உயர்ந்த கண்களில், உட்கருவை உடைக்காமல் முழுதாக வெளியே எடுக்கும் சிறுகீறல் முறையை அறுவை நிபுணர்கள் தேர்ந்துகொள்வது இதனால்தான். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் அந்த முறை பெரிய அளவில் நடப்பதற்கு, செலவு குறைவு என்பதோடு, முற்றிய புரையோடு வருபவர்கள் அதிகம் என்பதும் ஒரு காரணம். "புரை நன்றாக முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்ற பழைய பேச்சு, செயற்கை வில்லையும் சிறு கீறலும் வருவதற்கு முந்தைய காலத்தது. இன்றைக்கு அப்படிக் காத்திருந்தால் கிடைப்பது கடினமான உட்கருவும் நீண்ட அறுவையும்தான்.

நம் தையல்காரருக்கு 2.7 என்பது மென்மையான உட்கரு. பேக்கோவுக்குச் சிரமம் தராது. ஆனால் அறுவை வேண்டுமா என்ற கேள்வியை நான்கு எண்களில் எதுவும் தீர்மானிக்கவில்லை. மங்கிய அறையில் அவர் 6/9 படித்தார். மருத்துவர் அறை விளக்குகளை எல்லாம் போட்டு, பக்கவாட்டில் ஒரு பிரகாசமான விளக்கையும் ஏற்றிவிட்டு, அதே எழுத்துப் பலகையை மறுபடி படிக்கச் சொன்னார். இம்முறை அவர் நின்றது 6/24இல்.